ஆடும் முள்ளும் அதன் இரண்டு மூலங்களும்

விருத்தாசலத்தில் பீங்கான் சூளையின் அருகே நின்று பார்த்தவர்களுக்குச் சுவரில் மாட்டியிருக்கும் வெப்பமானியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. எண்களை ஒளியால் எழுதிக் காட்டும் கருவிகள் வருவதற்கு முன் எல்லாச் சூளைகளிலும் இருந்தது முள் காட்டும் வகைதான். சூளைக்குள் இரண்டு உலோகக் கம்பிகளின் நுனிகள் ஒன்றாகப் பிணைக்கப்பட்டிருக்கும். இதற்கு வெப்ப மின்னிரட்டை என்று பெயர். பிளாட்டினக் கம்பிகளானால் 1200 டிகிரியில் அது தரும் மின்னழுத்தம் ஒரு வோல்ட்டில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்குதான். அந்தச் சிறு அழுத்தம் காந்தத்துக்கு நடுவே தொங்கும் கம்பிச் சுருளைத் திருப்புகிறது. சுருளோடு ஒட்டிய முள்ளும் திரும்புகிறது.

இந்த முள்ளிடம் நாம் எதிர்பார்ப்பது என்ன? சூளையின் வெப்பம் எவ்வளவோ அதைக் காட்டவேண்டும். தன் சொந்த ஆட்டத்தைக் காட்டக்கூடாது. சுருளை ஒரு மெல்லிய வில் பிடித்திழுக்கிறது. வில்லும் எடையும் சேர்ந்த எதுவும் தட்டிவிட்டால் ஊஞ்சல் போல ஆடும். ஆகவே முள் சரியான இடத்தைத் தாண்டும், திரும்பும், மறுபடி தாண்டும். அந்த ஆட்டத்தை அடக்க ஏதேனும் தடை வேண்டும். தடை குறைந்தால் முள் நெடுநேரம் ஆடும். அளவு மீறினால் சோம்பேறிபோல் மெல்ல மெல்ல நகரும். இவ்விரண்டுக்கும் நடுவே ஓர் எல்லை இருக்கிறது. அந்த எல்லையை ஒரு சாதாரண இருபடிச் சமன்பாட்டின் மூலங்கள் காட்டிக்கொடுக்கின்றன.

இந்தக் கணக்கு சூளை முள்ளுக்கு மட்டும் உரியதன்று. பூமி அதிர்வதைப் பதியும் கருவியில் இதே கேள்வி இன்னும் பெரிதாக எழுந்தது. சூளையில் முள் ஆடினால் சற்றுக் காத்திருந்து படிக்கலாம். நிலநடுக்கம் நமக்காகக் காத்திருப்பதில்லை. அந்த வரலாற்றில் நம் கொடைக்கானலுக்கும் ஒரு பங்கு உண்டு. முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

முள் நிலைத்து நிற்கவேண்டிய இடத்திலிருந்து x தூரம் விலகியிருப்பதாகக் கொள்வோம். வில் அதைப் பின்னுக்கு இழுக்கிறது. இழுப்பு விலகலுக்கு நேர்விகிதத்தில் உள்ளது. தடை அதன் வேகத்தை எதிர்க்கிறது. அது வேகத்துக்கு நேர்விகிதத்தில் உள்ளது. இவ்விரண்டும் சேர்ந்து முள்ளின் முடுக்கத்தைத் தீர்மானிக்கின்றன. வேகத்தை x′ என்றும் முடுக்கத்தை x″ என்றும் குறித்தால்,

x″ + 2k x′ + n² x = 0

இதில் n வில்லின் வலிமையையும் எடையையும் பொறுத்தது. தடையே இல்லாவிட்டால் முள் ஒரு முறை ஆட எடுத்துக்கொள்ளும் நேரம் 2π/n. k என்பது தடையின் அளவு. சமன்பாட்டில் முடுக்கம் வரை வருவதால் இஃது இரண்டாம் வரிசை. X, x′, x″ ஆகியவற்றின் வர்க்கமோ பெருக்கமோ எங்கும் இல்லாததால் நேரியல்.

இத்தகைய சமன்பாடுகளை எல்லாம் ஒரே வழியில் தீர்க்கும் முறையைக் கண்டவர் ஆய்லர். 1739 ஆம் ஆண்டு செப்டம்பரில், பீட்டர்ஸ்பர்க்கில் இருந்தபோது, தம் ஆசிரியர் யோகான் பெர்னூலிக்கு எழுதிய கடிதத்தில் அதைத் தெரிவித்தார். 1743 இல் அச்சில் வெளியிட்டார். முறை எளிது. x = e^(mt) என்று வைத்துப் பாருங்கள். இதை ஒருமுறை வகையிட்டால் m வெளியே வருகிறது. இருமுறை வகையிட்டால் m² வருகிறது. e^(mt) எல்லா உறுப்புகளிலும் பொதுவாக நிற்பதால் அதை நீக்கிவிடலாம். மிஞ்சுவது,

m² + 2k m + n² = 0

நுண்கணிதம் போய்ப் பள்ளிக்கூட இயற்கணிதம் வந்துவிட்டது. மூலங்கள் இரண்டு:

m = −k ± √(k² − n²)

வர்க்கமூலக் குறிக்குள் இருப்பதைக் கவனியுங்கள். முள்ளின் நடத்தை முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

k சிறியதானால் உள்ளே இருப்பது குறை எண். மூலங்கள் கலப்பெண்கள் ஆகின்றன: −k ± ip. கற்பனைப் பகுதியாகிய p ஆட்டத்தைத் தருகிறது. மெய்ப்பகுதியாகிய −k அந்த ஆட்டத்தைத் தேய்க்கிறது. முள் ஆடிக்கொண்டே அடங்கும். இது தடையுறு அலைவு. k பெரியதானால் உள்ளே இருப்பது மிகை எண். மூலங்கள் இரண்டும் மெய்யெண்கள். இரண்டும் குறை எண்கள். கற்பனைப் பகுதி இல்லாததால் ஆட்டம் இல்லை. ஆனால் இரண்டில் ஒரு மூலம் சுழிக்கு மிக அருகே வந்துவிடுகிறது. அந்த மூலத்துக்குரிய பகுதி தேய நெடுநேரம் ஆகும். இது மிகைத்தடை.

இரண்டுக்கும் நடுவில் k = n ஆகும்போது உள்ளே இருப்பது சுழி. மூலங்கள் இரண்டும் ஒன்றாகி −n ஆகின்றன. இதுதான் மாறுநிலை. இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. முள்ளை எங்கிருந்து விட்டோம், எந்த வேகத்தில் விட்டோம் என்னும் இரண்டு செய்திகளைத் தீர்வு ஏற்கவேண்டும். அதற்கு இரண்டு தனித்தனித் தீர்வுகள் வேண்டும். மூலமோ ஒன்றுதான் இருக்கிறது. e^(−nt) ஓடு t e^(−nt) என்பதும் சமன்பாட்டுக்குப் பொருந்தும் என்பது இதற்கு விடை. பிரதியிட்டுப் பாருங்கள், இரண்டே வரியில் சரியாகிவிடும். ஆய்லரும் இரட்டை மூலத்துக்கு இவ்வாறே காலத்தால் பெருக்கிய உறுப்பைச் சேர்த்தார்.

இப்போது பூமிக்கு வருவோம். நிலநடுக்கத்தின்போது தரை, சுவர், மேசை எல்லாமே சேர்ந்து அசைகின்றன. அசைவை அளக்க அசையாத ஒரு பொருள் வேண்டும். அப்படி ஒன்று கிடையாது. ஆகவே, மெதுவாக ஆடும் ஊசல் ஒன்றைத் தொங்கவிடுவார்கள். தரை சட்டென நகரும்போது ஊசலின் எடை தன் சடத்துவத்தால் பின்தங்கும். தரைக்கும் எடைக்கும் உள்ள வேறுபாட்டைப் பதிவு செய்யலாம். தொலைவிலிருந்து வரும் அலைகள் மிக மெதுவானவை. ஆகவே ஊசலும் மெதுவாக ஆடுவதாக இருக்கவேண்டும். 15 வினாடிக்கு ஒருமுறை ஆடும் சாதாரண ஊசல் வேண்டுமானால் அதன் கயிறு 56 மீட்டர் நீளம் இருக்கவேண்டும். அதற்குக் கோபுரம்தான் கட்டவேண்டும்!

இதைத் தவிர்க்கும் தந்திரத்தை நம் வீடுகளிலேயே காணலாம். நிலை சற்றே சாய்ந்திருந்தால் கதவு தானாக நகர்ந்து ஏதோ ஓரிடத்தில் வந்து நிற்கும். தள்ளிவிட்டால் அந்த இடத்தைச் சுற்றி மிக மெதுவாக ஆடும். சாய்வு குறையக் குறைய ஆட்டம் மெதுவாகும். கதவுக்குப் பதில் ஒரு கோலும், கோலில் ஓர் எடையும் வைத்தால் அதுதான் கிடைமட்ட ஊசல். 1889 ஏப்ரல் 17 அன்று ஜெர்மனியின் போட்ஸ்டாம் நகரில் ரெபோர்-பாஷ்விட்ஸ் என்பவர் வைத்திருந்த இத்தகைய ஊசல், ஜப்பானில் நிகழ்ந்த நிலநடுக்கத்தைப் பதிந்தது. உலகின் மறுபக்கத்து அதிர்ச்சியை உணரமுடியும் என்று அன்று தெரிந்தது.

ஜான் மில்ன் என்ற ஆங்கிலேயர் 1876 முதல் டோக்கியோவில் பொறியியல் கல்லூரிப் பேராசிரியராக இருந்தவர். 1895 இல் நாடு திரும்பி வொயிட் தீவில் குடியேறினார். ஒரே மாதிரியான கருவிகளை உலகெங்கும் நிறுவி, பதிவுகளை ஒரே இடத்தில் சேர்க்கவேண்டும் என்பது அவருடைய திட்டம். 1897 ஜூன் 12 அன்று அஸ்ஸாமில் மாபெரும் நிலநடுக்கம் நிகழ்ந்தது. இந்திய நிலப்பொதியியல் துறையின் ஓல்டாம் அதை ஆராய்ந்தார். இந்தியாவில் நிகழ்ந்த அந்த அதிர்ச்சியின் கருவிப் பதிவுகளுக்கு அவர் ஐரோப்பிய நிலையங்களையே நாடவேண்டியிருந்தது. அடுத்த ஆண்டே கல்கத்தாவின் அலிப்பூரில் மில்ன் கருவி வந்தது. 1899 இல் பம்பாயின் கொலாபாவிலும் கொடைக்கானலிலும் நிறுவப்பட்டது. சென்னை வானாய்வுக் கூடத்தின் பணிகள் மிச்சி ஸ்மித்தின் பொறுப்பில் கொடைக்கானல் மலைக்கு மாறிய காலம் அது. சூரியனைப் பார்க்கச் சென்றவர்கள் பூமியின் நாடியையும் பிடித்துப் பார்த்தார்கள் எனலாம்.

மில்ன் கருவியில் கோலின் நுனியில் ஒரு பிளவு இருக்கும். விளக்கொளி அதன் வழியே விழுந்து, கடிகாரத்தால் நகரும் ஒளிப்படத் தாளில் கோடாகப் பதியும். எழுதுகோல் தாளில் உரசாததால் உராய்வு மிகக் குறைவு. இதை அக்காலத்தில் கருவியின் சிறப்பாகவே கருதினார்கள். குறையும் அதிலேதான் இருந்தது. ஊசலை அடக்க ஒன்றுமே இல்லை. k மிகச் சிறியது. மூலங்கள் கற்பனை அச்சுக்கு மிக நெருங்கிய கலப்பெண்கள்.

தரை அசையும்போது நம் சமன்பாட்டின் வலப்பக்கம் சுழியாக இராது. தரையின் முடுக்கம் a என்றால்,

x″ + 2k x′ + n² x = −a

தாளில் கிடைப்பது x. நமக்கு வேண்டியதோ தரையின் அசைவு. இரண்டும் ஒன்றா என்பதுதான் கேள்வி. ஓர் எடுத்துக்காட்டை எண்களோடு பார்ப்போம். ஊசலின் நேரம் 12 வினாடி; n = 0.524. தடை மிகக் குறைவு. ஒவ்வோர் அரை ஆட்டத்திலும் வீச்சு பத்தில் ஒரு பங்குதான் குறைகிறது. அப்படியானால் k ஏறத்தாழ 0.0176 என்று வரும்.

தரை 6 வினாடிக்கு ஒருமுறை 1 மில்லிமீட்டர் வீச்சில் அசைவதாகக் கொள்வோம். சமன்பாட்டைத் தீர்த்தால், ஊசலின் சார்பு அசைவு 1.33 மில்லிமீட்டர். பொறுத்துக்கொள்ளலாம். அதே 1 மில்லிமீட்டர் அசைவு 12 வினாடிக்கு ஒருமுறை வந்தால் என்ன ஆகும்? ஊசலின் சொந்த நேரமும் அதுவே ஆதலால் ஒத்ததிர்வு ஏற்படுகிறது. ஊசல் சிறிது சிறிதாக வீச்சைச் சேர்த்துக்கொண்டு 15 மில்லிமீட்டர் வரை போய்விடும். தரையின் அசைவு மாறவில்லை. தாளிலுள்ள படம் பதினோரு மடங்கு பெரிதாகிவிட்டது. தரை நின்ற பிறகும் ஊசல் நிற்காது. வீச்சு இருபதில் ஒரு பங்காகக் குறைய 170 வினாடி, அதாவது கிட்டத்தட்ட மூன்று நிமிடம் பிடிக்கும். அதற்குள் அடுத்த அலை வந்துவிட்டால் அது பழைய ஆட்டத்தின் மேல் ஏறிக்கொள்ளும்.

மில்ன் கருவிகள் 15 வினாடியும் அதற்குச் சற்று மேலும் ஆட்ட நேரம் கொண்டவையாக வைக்கப்பட்டன. தொலைதூர நிலநடுக்கத்தில் நிலத்தின் மேற்பரப்பில் ஊர்ந்து வரும் வலிய அலைகளின் நேரம் பெரும்பாலும் 20 வினாடியை ஒட்டியது. இந்தப் பொருத்தம் தற்செயலானது, விளைவு கொடியது. எந்த அலை வலியதோ அதையே கருவி மிகைப்படுத்தும். முதல் அலை வந்த நேரத்தைக் கோடு அசையத் தொடங்கும் இடத்தைக் கொண்டு நன்றாகவே படிக்கமுடிந்தது; அந்த வகையில் அப்பதிவுகள் பெரும் பயன் தந்தன. ஆனால் தரை எவ்வளவு அசைந்தது என்று கேட்டால் விடை சொல்லமுடியாது. கோட்டில் தெரியும் பத்து ஆட்டங்களில் பூமியுடையவை எத்தனை, கோலுடையவை எத்தனை?

கோட்டிங்கனில் இருந்த எமில் வீகர்ட் இதைச் சமன்பாட்டின் பக்கத்திலிருந்து பார்த்தார். 1898 இல் ஊசலுக்குத் தடை சேர்த்த கருவியை அவர் அறிமுகப்படுத்தினார். பின்னர் அவர் அமைத்த புகழ்பெற்ற கருவியில் உருளைக்குள் ஒரு பிஸ்டன் நகரும். அகப்பட்ட காற்று இடுக்கு வழியே வழுக்கிச் செல்லும்போது தடை உண்டாகும். காற்றின் இந்தத் தடை வேகத்துக்கு நேர்விகிதத்தில் இருப்பதால் அது 2k x′ என்ற உறுப்பாகவே சமன்பாட்டில் நுழைகிறது.

இந்த இடத்தில் சற்று நிற்கவேண்டும். உராய்வு இருந்தாலே தடைதானே, எதற்குப் பிஸ்டன் என்று கேட்கலாம். எழுதுகோல் தாளில் உரசும் உராய்வு வேறு வகை. வேகம் அதிகமானாலும் குறைவானாலும் அது ஏறக்குறைய ஒரே அளவாக எதிர்க்கும். அதற்கு நம் சமன்பாட்டில் இடம் இல்லை; நேரியல் தன்மையே கெட்டுவிடும். எந்தத் தடை என்று கண்டுபிடிப்பது எளிது. ஊசலைத் தள்ளிவிட்டு வீச்சுகளை வரிசையாக அளங்கள். 40, 20, 10, 5 என்று ஒரே விகிதத்தில் குறைந்தால் அது நல்ல தடை. 40, 30, 20, 10 என்று ஒரே அளவில் குறைந்தால் அது உராய்வு. உராய்வுள்ள முள் சரியான இடத்துக்கு வருமுன்பே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். சூளைக்காரர்கள் வெப்பமானியின் கண்ணாடியை விரலால் ஒரு தட்டுத் தட்டிப் படிப்பது இதனால்தான். வீகர்ட் புகை படிந்த தாளில் ஊசி கீறும் முறையைப் பயன்படுத்தினார். ஊசியின் உராய்வு பொருட்படுத்தத் தேவையில்லாத அளவுக்குச் சிறுத்துப்போக வேண்டும் என்பதற்காக ஊசலின் எடையை ஆயிரம் கிலோவுக்கு மேல் கொண்டுபோனார்.

ரஷ்யாவில் போரிஸ் கலிட்சின் வேறு வழி கண்டார். 1906 இல் அவர் செய்த கருவியில் ஊசலோடு கம்பிச் சுருள் ஒன்று காந்தத்துக்கிடையே அசையும். அதில் தூண்டப்படும் மின்னோட்டம் ஒரு கால்வனாமீட்டரை அசைக்கும். தடைக்கு, ஊசலோடு பொருத்திய செப்புத் தகடு வலிய காந்தங்களின் நடுவே நகரும். தகட்டில் எழும் சுழல் மின்னோட்டங்கள் லென்சு விதிப்படி அசைவை எதிர்க்கின்றன. வேகம் இரட்டித்தால் மின்னோட்டமும் எதிர்ப்பும் இரட்டிக்கும். சமன்பாடு விரும்பும் தடை இதைவிடத் தூய்மையாகக் கிடைப்பது அரிது. காந்தங்களை நெருக்கினால் k கூடும், விலக்கினால் குறையும்.

இதை வாசகர்களே சோதித்துப் பார்க்கலாம். கல்லூரி ஆய்வகத்தில் நுண்ணிய கால்வனாமீட்டர் இருந்தால் அதன் முனைகளைத் திறந்துவைத்துச் சுருளை அசையவிடுங்கள், நெடுநேரம் ஆடும். ஆடிக்கொண்டிருக்கும்போதே இரு முனைகளையும் ஒரு கம்பியால் இணையுங்கள். பிடித்து நிறுத்தினாற்போல் நின்றுவிடும். சுருளும் வில்லும் மாறவில்லை. சுற்று மூடியதும் k மாறியது. மூலங்கள் கலப்பெண்ணிலிருந்து மெய்யெண்ணுக்குப் போய்விட்டன. இடையில் மின்தடைப் பெட்டியை வைத்து ஓம்களைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டே வந்தால் ஆட்டம் நின்றுபோகும் எல்லையை, அதாவது இரண்டு மூலங்களும் ஒன்றாகும் இடத்தை, கண்ணாலேயே காணலாம்.

கலிட்சின் ஊசலையும் கால்வனாமீட்டரையும் ஒரே ஆட்ட நேரத்துக்கு வைத்து, இரண்டையும் மாறுநிலைத் தடைக்குக் கொண்டுவந்தார். அப்போது மொத்தக் கருவிக்குரிய நான்கு மூலங்களும் ஒரே எண்ணாக, −n ஆக ஆகிவிடுகின்றன. கணக்கிடும் பொறி இல்லாத அந்நாளில் சூத்திரங்கள் மிகச் சுருங்கின. அவர் மாறுநிலையைத் தேர்ந்ததற்குக் கணக்கின் எளிமை முக்கிய காரணம் என்பது என் எண்ணம்.

ஏனென்றால், மாறுநிலைதான் மிகச் சிறந்தது என்று பாடநூல்கள் சொல்வது அப்படியே உண்மை அன்று. மாறுநிலையில் முள் மிக விரைவில் திரும்பும் என்று நாமும் வகுப்பில் எழுதிப்போடுகிறோம். சமநிலையைத் தாண்டாமல் திரும்புபவற்றுள் அது விரைவானது என்பதே சரி. மீண்டும் 12 வினாடி ஊசலையே எடுத்துக்கொள்வோம். அதை 10 மில்லிமீட்டர் இழுத்து விடுவோம். அரை மில்லிமீட்டருக்குள் அடங்கி நிற்க எவ்வளவு நேரம்? மாறுநிலையில் x = 10(1 + nt)e^(−nt). இதில் அரை மில்லிமீட்டர் வர 9.1 வினாடி ஆகிறது. தடையை இரட்டித்து k = 2n ஆக்கினால் மூலங்கள் −0.14, −1.95. இரண்டாவது உடனே தேய்ந்துவிடும். முதலாவது இழுத்துக்கொண்டே இருக்கும். 22 வினாடி ஆகிறது. இனித் தடையை மாறுநிலைக்குக் கீழே, k = 0.69 n அளவுக்குக் குறையுங்கள். மூலங்கள் −0.36 ± 0.38 i. முள் சமநிலையைத் தாண்டத்தான் செய்கிறது. ஆனால் தாண்டும் அளவு சரியாக அரை மில்லிமீட்டர்தான். எல்லைக்குள் வந்து அடங்க 5.5 வினாடி போதும்! சிறிதளவு தாண்ட அனுமதித்தால் நேரம் பாதியை நெருங்குகிறது.

நான் 0.69 என்ற எண்ணை வேண்டுமென்றே எடுத்தேன். மில்ன் 1913 இல் மறைந்தார். அவருடன் பழகிய ஜே. ஜே. ஷா என்பவர் அடுத்த சில ஆண்டுகளில் மில்ன் ஊசலையே திருத்தி, காந்தத் தடை சேர்த்து, மில்ன்-ஷா கருவி என்ற பெயரில் கொண்டுவந்தார். ஊசலின் எடை ஒரு பவுண்டுதான். ஆட்ட நேரம் 12 வினாடி. தரையின் அசைவை 250 மடங்கு பெருக்கிக் காட்டும். ஒளிப்படப் பதிவு ஆதலால் வீகர்ட்டின் ஆயிரம் கிலோ தேவைப்படவில்லை. இந்தியாவிலும் இக்கருவிகள் பல ஆண்டுகள் பணி செய்தன. இதன் தடை அளவை ஷா 20க்கு 1 என்று வைத்தார். ஊசலை ஒருபுறம் 20 மில்லிமீட்டர் விலக்கிவிட்டால் அது மறுபுறம் 1 மில்லிமீட்டர் மட்டுமே போகவேண்டும். பணியாளர் ஒருவர் அளவுகோலை வைத்து இதைச் சரிபார்க்கலாம். 2 மில்லிமீட்டர் போனால் காந்தத்தின் வலிமை குறைந்துவிட்டது அல்லது காந்தங்கள் விலகிவிட்டன. மறுபுறம் போகவே இல்லையென்றால் தடை மிகுந்துவிட்டது. இந்த 20க்கு 1 என்ற விகிதத்தை மூலங்களின் மொழியில் எழுதினால் கிடைப்பதுதான் k = 0.69 n.

தரையை எவ்வளவு உண்மையாக அது பின்பற்றுகிறது என்றும் பார்த்துவிடுவோம். 6 வினாடி அலையில் 1 மில்லிமீட்டர் அசைவை ஷாவின் தடை கொண்ட ஊசல் 0.98 என்று காட்டும். மாறுநிலை ஊசல் 0.80 என்று காட்டும். இருமடங்கு தடை கொண்டது 0.47 என்று குறைத்துவிடும். 12 வினாடி அலையில் இம்மூன்றும் முறையே 0.72, 0.50, 0.25. முன்னே தடையற்ற ஊசல் இதே அலைக்கு 15 என்று காட்டியதை ஒப்பிட்டுப் பாருங்கள். எல்லாக் கருவியும் தன் ஆட்ட நேரத்தைவிட மிக மெதுவான அலைகளைக் குறைத்தே காட்டும். தடையால் அதை மாற்றமுடியாது. ஆனால் குறைவது சீராக, ஒத்ததிர்வின் மேடு இன்றிக் குறைந்தால் திருத்திக்கொள்ள முடியும். மேடும் இல்லாமல், வீண் மந்தமும் இல்லாமல் இருக்கும் இடம் மாறுநிலைக்குச் சற்றுக் கீழே, k ஏறத்தாழ 0.7 n ஆகும் இடத்தில் இருக்கிறது.

இன்றைய நிலநடுக்கக் கருவிகளில் செப்புத் தகடும் பிஸ்டனும் இல்லை. எடை நகர முற்படும்போதே மின்சுற்று அதை எதிர்விசையால் பிடித்து நிறுத்துகிறது. அந்த விசைக்கு வேண்டிய மின்னோட்டமே பதிவாகிறது. n, k இரண்டும் மின்தடைகளாலும் மின்தேக்கிகளாலும் குறிக்கப்படுகின்றன. ஒரு நிலையம் தன் பதிவைப் பிறருக்கு அனுப்பும்போது கருவியின் மூலங்களையும் கூடவே அனுப்பவேண்டும் என்பது இப்போது வழக்கம். பதிவைப் பெற்றவர் அந்த மூலங்களைக் கொண்டு கருவியின் பங்கைக் கணக்கால் நீக்கிவிட்டுத் தரையின் அசைவை எடுத்துக்கொள்வார். பரவலாகப் பயன்படும் ஒருவகைக் கருவிக்கு அந்தப் பட்டியலில் முதலில் நிற்கும் இரண்டு எண்கள் −0.037 + 0.037 i, −0.037 − 0.037 i. மூலங்களின் பெருக்கற்பலன் n² என்பதையும், கூட்டுத்தொகை −2k என்பதையும் கொண்டு நீங்களே கணக்கிடலாம். n = 0.0523 என்று வரும். அதாவது ஆட்ட நேரம் 120 வினாடி. k = 0.037, n ஆல் வகுத்தால் 0.71.